கேஷ்லெஸ் அனுமதி கிடைத்த பிறகும் கையுறைக்கு யார் காசு கட்டுவது?

திருகோணமலையில் எங்கள் சின்னம்மாவின் வீட்டில் அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கைபேசியைச் சுற்றியே இருந்தோம். சென்னையில் திருமணம் முடித்து அங்கேயே குடியிருக்கும் தங்கச்சிக்குப் பித்தப்பைக் கல்லுக்காகத் துளைவழிச் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. மாப்பிள்ளையின் கம்பனி எடுத்துக் கொடுத்த காப்புறுதியில் கேஷ்லெஸ் அனுமதி கிடைத்துவிட்டது என்ற செய்தி முதல் நாளே வந்துவிட்டதால் ஒருவரும் பணத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. வீட்டுக்கு விடும் நாளில்தான், 14,360 இந்திய ரூபாயைக் கட்டினால் மட்டுமே போகலாம் என்று அங்குள்ள காப்புறுதி மேசையில் சொல்லியிருக்கிறார்கள். "தம்பி, ஒரு சதமும் கட்டத் தேவையில்லை எண்டுதானே சொன்னவங்கள்?" என்று சித்தப்பா என்னிடம் கேட்டார். கொழும்பில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கிளெயிம் பிரிவில் சில வருடங்கள் வேலை செய்தவன் என்பதால், குடும்பத்தில் இப்படியான தாள்களை வாசிக்கும் வேலை என்னுடையது.

சித்தப்பாவின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் சிட்டை என்ற ஒன்றைக் காண்பதே இல்லை. சில வேளைகளில் வெளியே ஃபாமசியில் ஏதாவது வாங்கிவரச் சொல்வார்கள், அவ்வளவுதான். தாதி போட்டுக்கொள்ளும் கையுறைக்கு ஒரு விலை உண்டென்றும், அது யாரோ ஒருவருடைய கணக்கில் ஏறுகிறது என்றும் நினைத்துப் பார்க்க வேண்டிய தேவை எங்கள் ஆட்களுக்கு வந்ததில்லை. ஆகவே "காசில்லாச் சிகிச்சை" என்ற சொல்லைக் கேட்டதும் அதை இலவசச் சிகிச்சை என்றே விளங்கிக்கொள்கிறோம். உண்மையில் அந்தச் சொல் சொல்வது வேறு. காப்புறுதி நிறுவனம் தான் பொறுப்பேற்கும் தொகையை நோயாளியின் கைக்குக் கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் என்பதுதான் அதன் முழுப் பொருள். எந்தச் செலவுக்குப் பொறுப்பேற்கும் என்பதை அந்தச் சொல் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது ஒப்பந்தம்.

அனுமதி எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதைப் பார்த்தால் மீதி ஏன் வருகிறது என்பது பாதி விளங்கிவிடும். நோயாளியை அனுமதிக்கும்போது ஆஸ்பத்திரியின் காப்புறுதி மேசை ஒரு முன்அனுமதிப் படிவத்தை நிரப்பி அனுப்புகிறது. அதில் நோய் என்ன, எந்தச் சத்திரசிகிச்சை, எத்தனை நாள் தங்கவேண்டி வரும் என்பவற்றோடு உத்தேசச் செலவும் இருக்கும். அந்த உத்தேசம் அறை வாடகை, வைத்தியர் கட்டணம், சத்திரசிகிச்சைக்கூடம், பரிசோதனைகள், மருந்தும் பாவனைப் பொருட்களும் என்று நாலைந்து பெரிய தலைப்புகளில் மட்டுமே எழுதப்படுகிறது. தங்கச்சியின் படிவத்தில் 1,20,000 ரூபாய் என்று எழுதியிருந்தார்கள். அதற்கு முதலில் கிடைத்த அனுமதி 70,000. அந்தக் கட்டத்தில் எத்தனை கையுறை, எத்தனை முகக்கவசம் பாவிக்கப்படும் என்பது ஆஸ்பத்திரிக்கும் தெரியாது, காப்புறுதிக்காரருக்கும் தெரியாது. ஆகவே முதல் அனுமதியில் எந்தப் பொருளும் தனியாகப் பரிசீலிக்கப்படுவதில்லை. இந்த நோய் இந்த ஒப்பந்தத்துக்குள் வருகிறது, இன்ன தொகை வரைக்கும் சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதை மட்டும் அது சொல்கிறது.

பொருள் பொருளாகப் பார்ப்பது கடைசி நாளில்தான். முழுச் சிட்டையும் மருந்து விபரமும் போன பிறகு, காப்புறுதி நிறுவனமோ அதன் சார்பில் இயங்கும் டிபிஏ எனப்படும் இடைநிலை நிர்வாகியோ ஒவ்வொரு வரியையும் பார்த்து, கொடுக்கக்கூடியது, கொடுக்கமுடியாதது என்று பிரித்து இறுதி அனுமதியை அனுப்புகிறது. தங்கச்சியின் சிட்டை மொத்தம் 1,46,300 ரூபாய்; இறுதி அனுமதி 1,31,940. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் அந்த 14,360.

இது ஏமாற்று வேலை என்று மாப்பிள்ளை கோபப்பட்டார். ஆனால் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த முன்அனுமதிப் படிவத்திலேயே, மருத்துவம் சாராத செலவுகளையும் அனுமதிக்கப்பட்ட தொகைக்கு மேற்பட்டவற்றையும் தானே செலுத்துவதாக ஓர் உறுதிமொழி இருக்கிறது. அனுமதிக்கும் நேரத்தின் பதற்றத்தில் அதை யார் வாசிக்கப் போகிறார்கள்? கேஷ்லெஸ் நோயாளியிடமும் ஆஸ்பத்திரிகள் ஒரு முற்பணத்தை வாங்கி வைப்பதற்குக் காரணமும் இதுவே. இப்படி ஒரு மீதி கட்டாயம் வரும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

இனி அந்த மீதிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இந்தியாவில் இதற்கு எழுத்தில் ஒரு பட்டியல் உண்டு. முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வெட்டிக்கொண்டிருந்ததை ஒழுங்குபடுத்துவதற்காக, அந்நாட்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2013இல் ஒரு பொதுப் பட்டியலைக் கொண்டுவந்தது. பின்னர் அது திருத்தப்பட்டு நான்கு பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டது. அந்தப் பிரிப்பு நோயாளிக்கு மிகவும் பயனுள்ளது. ஆனால் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் மேசையில் இருப்பவரும் நோயாளியின் ஆட்களும் நான்கையும் ஒன்றாகக் குழப்பி, "நொன்-பேயபிள்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

முதலாம் பட்டியலில் 68 பொருட்கள் இருக்கின்றன. சாதாரண ஒப்பந்தம் இவற்றுக்குப் பணம் கொடுக்காது; நோயாளிதான் கட்ட வேண்டும். கையுறை, முகக்கவசம், ஒட்சிசன் முகமூடி, ஈசிஜி எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டும் மின்வாய்கள், நாளத்தில் ஏற்றும் வாசோஃபிக்ஸ் ஊசிக்குழாய், டயப்பர், க்ரேப் பண்டேஜ், வயிற்றுப்பட்டி, நெபுலைசர் கருவித்தொகுதி போன்றவை அதில் அடங்கும். துணைக்கு நிற்பவரின் சாப்பாடு, தொலைபேசி, சலவை, மருத்துவ ஆவணப் பிரதிக்கான கட்டணம் ஆகியவையும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. விபரம் எழுதாத எந்தத் தொகுதியும் அதில் சேரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "சேர்ஜரி கிட்" என்று எழுதி ஒரு விலையை மட்டும் போட்டால், உள்ளே என்ன இருந்தாலும் அது கழிக்கப்பட்டுவிடும்.

மற்ற மூன்று பட்டியல்களின் தன்மையே வேறு. இரண்டாம் பட்டியலில் இருப்பவை அறை வாடகைக்குள் அடங்கியவையாகக் கருதப்படுகின்றன: படுக்கை விரிப்பு, குளிரூட்டிக் கட்டணம், நோயாளியின் கைப்பட்டி, கோப்பு திறக்கும் கட்டணம், ஆவணப்படுத்தும் மற்றும் நிர்வாகக் கட்டணம் போன்றவை. மூன்றாம் பட்டியலில் உள்ளவை சத்திரசிகிச்சைக் கட்டணத்துக்குள் அடங்கியவை: பஞ்சு, துணிப்பட்டை, சத்திரசிகிச்சைக் கத்தியலகு, கமராவுக்குப் போடும் உறை. நான்காம் பட்டியலில் உள்ளவை சிகிச்சைச் செலவுக்குள் அடங்கியவை: அனுமதிப் பதிவுக் கட்டணம், ஸ்பிரிட் தோய்த்த துடைப்பான், கைகழுவும் கிருமிநீக்கி, சிறுநீர் சேகரிக்கும் பை. இவற்றுக்குக் காப்புறுதிக்காரர் தனியாகப் பணம் தராததற்குக் காரணம், அறைக்கும் சத்திரசிகிச்சைக்கும் கொடுக்கும் கட்டணத்திலேயே இவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்தாகிவிட்டது என்பதுதான். அப்படியானால் ஆஸ்பத்திரி இவற்றைத் தனியாக எழுதி நோயாளியிடம் வாங்குவது, ஒரே பொருளுக்கு இரண்டு பேரிடம் இரண்டு தடவை காசு வாங்குவதாகிவிடும்.

ஆக, கழிக்கப்பட்ட தொகையில் இரண்டு சாதிகள் இருக்கின்றன. ஒன்று, ஒப்பந்தப்படி உண்மையிலேயே எங்கள் தலையில் விழுவது. மற்றது, சிட்டையில் தனி வரியாகவே வந்திருக்கக் கூடாதது. கழிப்புத் தாளில் இரண்டுக்கும் பக்கத்தில் ஒரே குறிப்புத்தான் இருக்கும்.

கையுறை ஏன் முதலாம் பட்டியலில் இருக்கிறது என்று சின்னம்மா கேட்டா. "கையுறை போடாமல் ஒப்பரேஷன் செய்யேலுமோ?" என்ற அவவின் கேள்விக்கு, ஏலாது என்பதுதான் பதில். மருத்துவத் தேவையை அளவுகோலாக வைத்து இந்தப் பட்டியல் எழுதப்பட்டிருந்தால் கையுறைக்கு அங்கே இடமே இருந்திராது. காப்புறுதிக்காரரின் கணக்கு வேறு வழியில் போகிறது. ஒரு கிளெயிம் பிரிவில் இருப்பவர், இந்தப் பொருள் இந்த நோயாளிக்குத்தான் பாவிக்கப்பட்டது என்றும் இத்தனைதான் பாவிக்கப்பட்டது என்றும் தாளில் சரிபார்க்க முடியுமா என்று பார்ப்பார். சத்திரசிகிச்சைக் குறிப்பில் இத்தனை கிளிப் போட்டேன், இந்தத் தையல் நூலைப் பாவித்தேன் என்று வைத்தியர் எழுதுகிறார். அதைச் சிட்டையோடு ஒப்பிடலாம். தாதி ஒரு நாளில் எத்தனை சோடி கையுறை மாற்றினா என்று எந்த ஆஸ்பத்திரியிலும் ஒருவரும் எழுதி வைப்பதில்லை. மலிவானது, எண்ணிக்கையைச் சரிபார்க்க முடியாதது, எல்லா நோயாளிக்கும் பொதுவாகப் பாவிக்கப்படுவது என்ற மூன்றும் சேர்ந்த பொருளைக் காப்புறுதிக்காரர் ஆஸ்பத்திரியின் நடைமுறைச் செலவாகத்தான் பார்ப்பார். அவிக்கும் பாத்திரத்தில் போட்டுத் திரும்பத் திரும்பப் பாவித்த பொருட்கள் ஒருமுறை பாவித்து எறியும் பொருட்களாக மாறிய பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. ஆஸ்பத்திரிகளோ அவற்றை மருந்துக் கணக்கில் ஒவ்வொன்றாக ஏற்றி, அச்சிட்ட விலைக்கு விற்கத் தொடங்கின. ஒருவர் பொதுச் செலவென்று ஒதுக்கியதை மற்றவர் விற்பனைப் பொருளாக்கினார். இடையில் நின்றவர் நோயாளி. என்னுடைய அபிப்பிராயத்தில் கையுறையும் ஒட்சிசன் முகமூடியும், துணைக்கு நிற்பவர் குடித்த தேநீரோடு ஒரே பட்டியலில் இருப்பது நியாயமில்லை. ஆனால் சிட்டைக்கு முன்னால் நிற்கிறவருக்கு என் அபிப்பிராயத்தால் ஒரு ரூபாயும் குறையாது.

தங்கச்சியின் கழிப்புத் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு வரியையும் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முதலாம் பட்டியலுக்குள் வந்தவை இவை: கையுறை 3,180, விபரமில்லாத "சேர்ஜரி கிட்" 3,200, துணைக்கு நின்ற மாமியாரின் சாப்பாடு 1,460, வாசோஃபிக்ஸ் இரண்டு 780, மருத்துவ ஆவணக் கட்டணம் 750, முகக்கவசமும் ஒட்சிசன் முகமூடியும் 640, ஈசிஜி மின்வாய்கள் 450. இவை எல்லாம் சேர்ந்து 10,460 ரூபாய். மற்ற மூன்று பட்டியல்களுக்குள் வந்தவை ஆவணப்படுத்தும் கட்டணம் 1,500, கத்தியலகும் துணிப்பட்டையும் கமரா உறையும் சேர்த்து 1,280, துடைப்பானும் கிருமிநீக்கியும் 620, அனுமதிப் பதிவு 500, மொத்தம் 3,900. இரண்டையும் கூட்டினால் அதே 14,360 வருகிறது.

மாப்பிள்ளையை மீண்டும் காப்புறுதி மேசைக்குப் போகச் சொன்னேன். அங்கே போய் "ஏன் இவ்வளவு?" என்று பொதுவாகக் கேட்டால் "பொலிசிப்படிதான் சேர்" என்ற பொதுவான பதில்தான் வரும். ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு என்று எழுதி அனுப்பினேன். முதலாவது, அந்தக் கிட்டின் உள்விபரத்தைப் பிரித்து, அளவும் விலையும் எழுதித் தரும்படி கேட்பது. இரண்டாவது, இந்த 3,900 ரூபாயும் அறை, சத்திரசிகிச்சை, சிகிச்சைக் கட்டணங்களுக்குள் அடங்கியவை என்று ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருக்கும்போது, காப்புறுதி நிறுவனத்தோடு ஆஸ்பத்திரி செய்திருக்கும் உடன்படிக்கை இவற்றை நோயாளியிடம் அறவிட அனுமதிக்கிறதா என்று கேட்பது. அந்தப் பின்னிணைப்பின் பக்கத்தைக் கைபேசியில் திறந்து காட்டியபடி கேட்கச் சொன்னேன்.

கிட்டின் விபரம் வர ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அதற்குள் தையல் நூலும் சேலைன் ஏற்றும் குழாய்த்தொகுதியுமாக 2,350 ரூபாய்க்குப் பொருட்கள் இருந்தன, இவை கொடுக்கக்கூடியவை. எஞ்சிய 850 ரூபாய் கையுறை, தொப்பி போன்றவற்றுக்கு. விபரத்தை மறுபடி அனுப்பியதும் டிபிஏ அந்த 2,350ஐச் சேர்த்துத் திருத்திய அனுமதியைத் தந்தது. அந்தப் பணத்தை மறைத்திருந்தது ஒரு விதியல்ல. ஆஸ்பத்திரியின் கணினியில் பல பொருட்களுக்குப் பதிலாக ஒரு பெயரை எழுதிய வசதிதான். இரண்டாம் கேள்விக்கு ஆஸ்பத்திரி விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஆவணப்படுத்தும் கட்டணம், பதிவுக் கட்டணம், கத்தியலகு வகையறா மூன்றையும் சிட்டையிலிருந்து எடுத்துவிட்டது. அது 3,280 ரூபாய். துடைப்பானுக்கும் கிருமிநீக்கிக்குமான 620ஐ மட்டும், அது மருந்தகக் கணக்கு, தங்களால் மாற்ற முடியாது என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் தங்கச்சி கட்டியது 8,730 ரூபாய்.

கையுறையில் ஏதும் குறைக்க முடியுமா என்றும் பார்த்தேன். சிட்டையில் கிருமியற்ற கையுறை 9 சோடி, சோடி 120 ரூபாய்ப்படி 1,080. சாதாரணப் பரிசோதனைக் கையுறை 150, ஒன்று 14 ரூபாய்ப்படி 2,100. சத்திரசிகிச்சைக்கு 9 சோடி என்பது நம்பக்கூடிய எண்ணிக்கை. இரண்டு இரவு மட்டும் தங்கிய ஒருவருக்கு 75 சோடி பரிசோதனைக் கையுறை என்பது அப்படியல்ல. விடுதிக்குப் பெட்டிக் கணக்கில் எடுத்ததை அப்படியே நோயாளியின் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள் என்பதை அந்த உருண்டையான எண்ணே காட்டிக்கொடுக்கிறது. பாவிக்காத பொருட்களை மருந்தகத்துக்குத் திருப்பி, கணக்கில் கழிக்கும் நடைமுறை பொதுவாக ஆஸ்பத்திரிகளில் உண்டு. சிட்டையில் திருப்பிய பொருட்களுக்கான வரிகள் கழித்தல் குறியோடு வரும். தங்கச்சியின் சிட்டையில் சில ஊசிமருந்துகள் அப்படித் திரும்பியிருந்தன, கையுறை ஒன்றுகூடத் திரும்பவில்லை. இதைக் கேட்டபோது, திறந்த பெட்டியைத் திருப்ப முடியாது என்றார்கள். அதற்கு மேல் வாதாட மாப்பிள்ளைக்குப் பொறுமை இருக்கவில்லை. காப்புறுதிக்காரர் பணம் கொடுக்காத பொருளின் எண்ணிக்கையைக் காப்புறுதிக்காரர் பார்க்கவும் மாட்டார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கொடுக்கமுடியாத பொருட்களின் வரிகளைத்தான் ஒருவரும் தணிக்கை செய்வதில்லை.

இவ்வளவு தெளிவாகப் பட்டியல் இருந்தும் ஆஸ்பத்திரிகள் ஏன் தொடர்ந்து இப்படி எழுதுகின்றன? அந்த ஆணையம் காப்புறுதி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பு. ஆஸ்பத்திரியின் விலைப்பட்டியலில் கைவைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. இன்ன பொருளுக்குத் தனியாகப் பணம் கொடுக்காதே என்று காப்புறுதிக்காரருக்கு அது சொல்லலாம், ஆனால் அதை நோயாளியிடம் வாங்காதே என்று ஆஸ்பத்திரிக்கு நேராகச் சொல்ல முடியாது. இந்த விடயத்தில் ஆஸ்பத்திரியைக் கட்டுப்படுத்துவது காப்புறுதி நிறுவனத்தோடு அது கையெழுத்திட்ட உடன்படிக்கை மட்டுமே. அந்த உடன்படிக்கையின் பிரதி நோயாளியிடம் இருப்பதில்லை. ஆகவே விதியில் இருக்கும் பாதுகாப்பு, அதைக் கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகை போல ஆகிவிடுகிறது.

நேரமும் நோயாளிக்கு எதிராகவே நிற்கிறது. 2024 மே மாதத்தில் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, முன்அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். வீட்டுக்கு விடும்போது ஆஸ்பத்திரியின் கோரிக்கை கிடைத்து 3 மணித்தியாலத்துக்குள் இறுதி அனுமதி கொடுக்க வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி மேலதிகக் கட்டணம் போட்டால் அதைக் காப்புறுதி நிறுவனமே ஏற்க வேண்டும். இது நல்ல விதி. ஆனால் அந்த 3 மணித்தியாலமும் முடிந்து கழிப்புத் தாள் கைக்கு வரும்போது நோயாளி உடுப்பு மாற்றி, கைப்பையோடு கட்டில் நுனியில் இருப்பார். கீழே கார் வந்து நிற்கும். சில ஆயிரம் ரூபாய்க்காக இன்னும் இரண்டு மணித்தியாலம் காத்திருக்க யாருக்கு மனம் வரும்? இறுதிச் சிட்டை வரும் வரை பொறுக்காமல், வீட்டுக்கு விடுவதற்கு முதல் நாள் மாலையிலேயே இடைக்காலச் சிட்டையையும் மருந்தக விபரத்தையும் கேட்டு வாங்கிப் பார்ப்பதுதான் இதற்கு நடைமுறையில் உள்ள வழி. கிட் என்ற பெயரில் இருக்கும் வரிகளை அன்றைக்கே பிரிக்கச் சொன்னால், முதல் தடவை அனுப்பும்போதே அவை சரியாகப் போகும்.

காசைக் கட்டிவிட்டு வந்த பிறகும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. கொடுக்கக்கூடிய பொருள் ஒன்று தவறாகக் கழிக்கப்பட்டிருந்தால், கழிப்புத் தாளையும் பிரித்தெழுதிய சிட்டையையும் பணம் கட்டிய ரசீதையும் வைத்து அந்தத் தொகையை நிறுவனத்திடம் மீளக் கேட்கலாம். மறுத்தால் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவு, அதற்கு மேல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்று வழி இருக்கிறது. ஆனால் அந்த 620 போன்ற தொகை, காப்புறுதிக்காரர் சரியாகக் கழித்தும் ஆஸ்பத்திரி வாங்கியது. அதைக் காப்புறுதிக்காரரிடம் பணமாகக் கேட்க முடியாது. உடன்படிக்கையை மீறி ஆஸ்பத்திரி அறவிட்டது என்று முறைப்பாடாகத்தான் எழுதலாம்.

மீதி பெரிதாக இருந்தால் அது கையுறையால் வந்ததாக இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றரை இலட்சம் ரூபாய்ச் சிட்டையில் நாற்பதாயிரம் கட்டச் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது அறை வாடகை வரம்பை. நாளொன்றுக்கு 4,000 ரூபாய் வரைக்குமே உரித்துள்ள ஒருவர் 6,000 ரூபாய் அறையில் தங்கினால், அந்த 2,000 மட்டும் கழிக்கப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. வைத்தியர் கட்டணம், சத்திரசிகிச்சைக்கூடக் கட்டணம் போன்று அறையின் தரத்தோடு கூடிக் குறையும் செலவுகள் எல்லாம் அதே விகிதத்தில் வெட்டப்படும். 60,000 ரூபாய்க் கட்டணத்துக்கு 40,000தான் கிடைக்கும். மருந்து, பாவனைப் பொருட்கள், உடலுக்குள் வைக்கும் பொருட்கள், பரிசோதனைகள் ஆகியவற்றை இப்படி விகிதப்படி வெட்டக்கூடாது என்று 2020இல் விதி வந்தது. தங்கச்சி தன் உரித்துக்குள்ளேயே அறை எடுத்திருந்ததால் அவளுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை.

முதலாம் பட்டியலில் உள்ளவற்றுக்கும் பணம் கிடைக்க, பல நிறுவனங்கள் மேலதிகக் கட்டணத்துக்குப் பாவனைப் பொருள் சேர்ப்பு என்ற ஒன்றை விற்கின்றன. பட்டியலின் 68 பொருட்களும் அதில் அடங்குமா, அல்லது மருத்துவப் பொருட்கள் மட்டுமா என்பது ஒவ்வொன்றிலும் வேறுபடும். மூப்பு வந்தவர்களுக்கும், நாட்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க நேரிடக்கூடியவர்களுக்கும் அது வாங்கத் தகுந்தது என்பேன்; கையுறையும் முகமூடியும் அங்கேதான் ஆயிரங்களைத் தாண்டிப் போகும். மாப்பிள்ளையின் கம்பனி ஒப்பந்தத்தில் அது இல்லை.

இங்கே திருகோணமலையில் வங்கியிலும் கம்பனிகளிலும் வேலை செய்து, தொழில்தருநரின் திட்டத்தில் கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர்கள் மேலே சொன்ன இந்தியப் பட்டியலின் எண்களைக் காட்டி வாதாட முடியாது. அது இங்கே செல்லாது. அவர்களுக்கு விதி என்பது தொழில்தருநர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் விலக்குப் பகுதிதான். அது அலுவலகத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கும், பெரும்பாலும் ஒருவரும் கேட்காமலேயே. வங்கியில் வேலை செய்யும் சித்தப்பாவின் மூத்த மகன் மறுநாள் தன்னுடையதைக் கேட்டு வாங்கிவந்தான். விலக்குப் பகுதியில் தொலைபேசி, சவர்க்காரம் வகையறா, பார்வையாளர் சாப்பாடு எல்லாம் பெயர் சொல்லி எழுதப்பட்டிருந்தன. அதற்குக் கீழே "மற்றும் மருத்துவம் சாராத ஏனைய பொருட்கள்" என்று ஒரு வரி இருந்தது. கையுறை அதற்குள் வருமா என்று என்னிடம் கேட்டான். அந்த வரியை அப்படியே மேற்கோள் காட்டி, சத்திரசிகிச்சையில் பாவிக்கும் கையுறையும் ஒட்சிசன் முகமூடியும் இதில் சேருமா என்று நிறுவனத்துக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைக்கச் சொன்னேன். அனுப்பியிருக்கிறான், பதில் இன்னும் வரவில்லை.